‘பேசவும்’ என்று திரும்பி வந்த குறிப்பு

அன்புள்ள ஐயா,

நான் பொது நிர்வாகத்தில் முதுநிலை படிக்கிறேன். இரண்டு மாத உள்ளகப் பயிற்சிக்காக ஒரு மாவட்ட அலுவலகத்தில் சேர்ந்திருக்கிறேன். சென்ற வாரம் ஒரு மனுவின் மீது குறிப்பு எழுதி, மனுதாரருக்குப் பதில் வரைவும் வைக்கச் சொன்னார்கள். மூன்று பக்கம் எழுதினேன். கண்காணிப்பாளர் பாதியை அடித்துவிட்டு, ஓரத்தில் சிவப்பு மையில் ‘பேசவும்’ என்று எழுதித் திருப்பினார். போய்ப் பேசியபோது, “கதை வேண்டாம், நாள் எங்கே?” என்று மட்டும் கேட்டார். நான் கவனமாக எழுதிய கடிதத்தையும் ‘கேட்டுக்கொள்ளப்படுகிறது’, ‘தெரிவிக்கப்படுகிறது’ என்று மாற்றிவிட்டார். நீங்கள் பல ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன். குறிப்புக்கும் கடிதத்துக்கும் உண்மையில் என்ன இலக்கணம்? அல்லது இதெல்லாம் வெறும் பழக்கம்தானா?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

உங்கள் கண்காணிப்பாளர் கேட்டது சரியான கேள்வி. அந்தக் கேள்வியை எவரும் என்னிடம் கேட்காமல் விட்டதால் நேர்ந்த ஒரு பிழையைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதிருக்க நாட்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

பணியில் இருக்கும்போதே இறந்த ஓர் ஊழியரின் மனைவி, கருணை அடிப்படையில் பணி நியமனம் கேட்டு விண்ணப்பித்திருந்தார். ஊழியர் இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்கவேண்டும் என்பது தமிழ்நாட்டில் அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அவர் இறந்தது 14.03.2006. எனவே கெடு 13.03.2009 அன்று முடிகிறது. கோப்பின் மேலே இருந்த முகப்புக் கடிதம் கீழ் அலுவலகத்திலிருந்து வந்தது. அதில் எங்கள் அலுவலகத் தபால் முத்திரை 23.03.2009 என்று இருந்தது. நான் எழுதிய குறிப்பு இவ்வளவுதான்: “விண்ணப்பம் 23.03.2009 அன்று பெறப்பட்டுள்ளது. கெடு முடிந்த பின் பெறப்பட்டதால் நிராகரிக்கலாம்.” கோப்பு மேலே போய், ஒப்புதலாகி, இரண்டே நாளில் திரும்பி வந்தது. ‘தங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க இயலவில்லை என்று தெரிவிக்கப்படுகிறது’ என்று ஒரு வரிக் குறிப்பாணை அந்த அம்மாவுக்குப் போயிற்று.

எட்டு மாதம் கழித்து, யாரோ சொல்லி, அவர் நேரில் வந்தார். கையில் ஓர் ஒப்புகைச் சீட்டு இருந்தது. கீழ் அலுவலகத்தில் விண்ணப்பத்தைக் கொடுத்த நாள் 02.02.2009. கோப்பைப் பிரித்துப் பார்த்தால், முகப்புக் கடிதத்துக்கு அடியில் இருந்த மூல விண்ணப்பத்தின் வலது மூலையில் அதே நாளிட்ட ஊதா முத்திரை, சற்று மங்கலாக, இருந்தது. அவர் கெடுவுக்குள் கொடுத்திருக்கிறார். தாள் ஒன்றரை மாதம் மேசைகளுக்கிடையே கிடந்திருக்கிறது. நான் முகப்புக் கடிதத்தை மட்டும் படித்துவிட்டு எழுதியிருக்கிறேன்.

இதில் பிழைகள் இரண்டு. ஒன்று குறிப்பில் நடந்தது, மற்றொன்று கடிதத்தில் நடந்தது. நீங்கள் கேட்கும் இலக்கணம் ஏறக்குறைய முழுவதும் இந்த இரண்டு பிழைகளுக்குள் அடங்கிவிடும் என்று நினைக்கிறேன்.

முதலில் குறிப்பு. உங்கள் கோப்பில் இரண்டு பகுதிகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வந்த தாள்களும் அனுப்பிய தாள்களின் அலுவலக நகல்களும் பக்க எண் இடப்பட்டு நடப்புக் கோப்பில் இருக்கும். அவற்றைப் பற்றி அலுவலகம் தனக்குள் பேசிக்கொள்வது குறிப்புக் கோப்பில் இருக்கும். குறிப்பை வாசிக்கிற அதிகாரி, மாலையில் கட்டுக் கட்டாகக் கோப்புகள் வந்து நிற்க, நடப்புக் கோப்பைத் திறக்காமலேயே முடிவெடுக்கக்கூடியவர்; ஆனால் சந்தேகம் வந்தால் ஒரே புரட்டலில் ஆதாரத் தாளை எட்டவும் அவரால் முடியவேண்டும். அதனால்தான் குறிப்பில் வரும் ஒவ்வொரு செய்திக்கும் எதிரே, ஓரத்தில், அது நடப்புக் கோப்பின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எழுதச் சொல்கிறார்கள். படிப்பவருக்கு அது வசதி என்பது ஒரு பாதி மட்டுமே. பக்க எண் எழுதுவதற்காக நீங்கள் அந்தப் பக்கத்தைத் திறந்தே ஆகவேண்டும் என்பது மறு பாதி. ‘விண்ணப்ப நாள்’ என்று எழுதிவிட்டு அதற்கு எதிரே பக்க எண் இட நான் தேடியிருந்தால், முகப்புக் கடிதம் விண்ணப்பம் ஆகாது என்று அந்த நொடியிலேயே தெரிந்திருக்கும்.

அந்தக் குறிப்பை இன்று எழுதினால் இப்படி எழுதுவேன்: “ஊழியர் 14.03.2006 அன்று பணியிடையே இறந்தார் (பக்கம் 9, இறப்புச் சான்று). 3 ஆண்டுக் கெடு 13.03.2009 அன்று முடிகிறது. மனைவியின் விண்ணப்பத்தில் 02.02.2009 நாளிட்ட கீழ் அலுவலக முத்திரை உள்ளது (பக்கம் 5). இவ்வலுவலகத்துக்கு அது 23.03.2009 அன்று வந்துள்ளது (பக்கம் 3). விண்ணப்பம் கொடுக்கப்பட்ட நாளைக் கணக்கில் கொண்டால் கெடுவுக்குள் உள்ளது; இங்கு வந்த நாளைக் கொண்டால் 10 நாள் தாமதம். தாமதம் அலுவலகங்களுக்கிடையே நேர்ந்தது; அதில் மனுதாரருக்குப் பங்கில்லை. எனவே முதல் நாளையே கொள்ளலாம் என்று கருதப்படுகிறது. ஆணைக்காக.” உங்கள் மூன்று பக்கத்தைவிட இது சிறியது, ஆனால் என்னுடைய இரண்டு வரியைவிடப் பெரியது. சுருக்கமாக எழுது என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டாவது ஆபத்தைச் சொல்வதில்லை. முடிவை மாற்றக்கூடிய ஒரு செய்தி விட்டுப்போகும் அளவுக்குச் சுருக்கினால் அந்தக் குறிப்பு அதிகாரியை ஏமாற்றிவிடும். ஒப்புதல் கொடுத்த அவருக்கு ஏமாந்ததுகூடத் தெரியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த வடிவத்தில் இரண்டு வழிகளும் சொல்லப்பட்டு, பிறகுதான் பரிந்துரை வருகிறது. பரிந்துரையே வைக்காமல் ‘தக்க ஆணைக்காக’ என்று முடிப்பது அலுவலகங்களில் பாதுகாப்பான வழியாகக் கருதப்படுகிறது. எனக்கு அதில் மதிப்பில்லை. தாள்களைப் படித்தவர் நீங்கள்தான் என்னும்போது, படித்ததில் என்ன தோன்றியது என்பதைச் சொல்லும் கடமையும் உங்களுக்கு உண்டு. ஏற்பதும் மறுப்பதும் மேலே இருப்பவரின் பொறுப்பு.

குறிப்பு நான்கு சுவருக்குள் இருப்பது என்று நினைத்து மனிதர்களைப் பற்றி எதையும் எழுதிவிடாதீர்கள். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, விலக்குக்குள் வராத குறிப்புகளைக் கேட்டால் கொடுக்கவேண்டும். ‘மனுதாரர் பொய் கூறுகிறார்’ என்பது உங்கள் கருத்து. ‘மனுவில் கூறப்படும் முகவரியும் பக்கம் 12-ல் உள்ள குடும்ப அட்டை முகவரியும் வேறுபடுகின்றன’ என்பது செய்தி. யார் வாசித்தாலும் அது நிற்கும். உங்கள் அலுவலகத்தில் கோப்புகளைக் கணினியிலேயே எழுதி நகர்த்தும் eOffice வந்துவிட்டது என்றால், அங்கே மஞ்சள் தாளில் எழுதும்வரை திருத்தலாம், நீக்கலாம். பச்சைத் தாளுக்குப் போய்க் கோப்பு நகர்ந்துவிட்டால் ஒரு சொல்லையும் திரும்ப எடுக்க முடியாது. பயிற்சிக்கு வந்தவர் என்பதால் நீங்கள் வரைவு மட்டும் கொடுங்கள். பிரிவு உதவியாளர் அதைப் படித்துத் தன் பெயரில் வைக்கட்டும். அவருடைய கடவுச்சொல்லை அவரே கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இனிக் கடிதம். அந்த அம்மாவுக்குப் போன ஒரு வரிக் குறிப்பாணையில் காரணம் இல்லை. ‘விண்ணப்பம் 23.03.2009 அன்றுதான் பெறப்பட்டது என்பதால்’ என்று ஒரே ஒரு சொற்றொடர் இருந்திருந்தால், மறு வாரமே ஒப்புகைச் சீட்டோடு வந்து நின்றிருப்பார். எட்டு மாதம் போனது அந்தச் சொற்றொடர் இல்லாததால்தான். காரணம் குறிப்புக் கோப்பில் இருக்கிறதே என்று நாங்கள் நினைத்தோம். ஆனால் அவர் கைக்குப் போனது குறிப்பாணை மட்டும்தானே. சட்டமும் இதைத்தான் சொல்கிறது. மொகிந்தர் சிங் கில் வழக்கில், உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பின்படி, ஓர் ஆணை அதில் எழுதப்பட்ட காரணங்களைக்கொண்டே மதிப்பிடப்படும். வழக்கு வந்தபின் பிரமாணப் பத்திரத்தில் புதிய காரணங்களைச் சேர்த்து அதைக் காப்பாற்ற முடியாது. ஆகவே மறுப்புக் கடிதம் எழுதும்போது, குறிப்பில் இருந்த விவாதத்தையும் யார் என்ன கருதினார் என்பதையும் விட்டுவிட்டு, முடிவுக்கு அடிப்படையான நாளையும் விதியையும் மட்டும் அப்படியே கடிதத்துக்குள் கொண்டுவாருங்கள்.

கடிதத்தின் சட்டகத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அனுப்புநர், பெறுநர், ந.க. எண், நாள், பொருள், பார்வை என்று பழைய நகல் ஒன்றைப் பார்த்தாலே பிடிபட்டுவிடும். மேல் அலுவலருக்குக் கடிதம், கீழ் அலுவலருக்குப் பெரும்பாலும் குறிப்பாணை, ஆணை பிறப்பித்தால் செயல்முறைகள் என்பதையும் அப்படியே பழகிக்கொள்வீர்கள். பார்வையை மட்டும் சற்று நின்று எழுதுங்கள். அங்கே வரிசையிடும் ஒவ்வொரு கடிதத்துக்கும் எண்ணும் நாளும் வேண்டும். அவை நாள் வரிசையில் வரவேண்டும். உள்ளே ஓரிடத்திலாவது பயன்படாத பார்வையை நீக்கிவிடவேண்டும். எங்கள் வழக்கில் பார்வையில் முகப்புக் கடிதம் மட்டும் இருந்தது. மனுதாரரின் 02.02.2009 விண்ணப்பத்தையும் எழுத முனைந்திருந்தால், பிழை வரைவிலேயே பிடிபட்டிருக்கும்.

‘கேட்டுக்கொள்ளப்படுகிறது’ விஷயத்தில் நான் உங்கள் பக்கம் பாதி, உங்கள் கண்காணிப்பாளர் பக்கம் பாதி. கடிதம் பேசுவது ஒரு பதவியின் சார்பில். அங்கே ‘நான் கேட்டுக்கொள்கிறேன்’ என்பது கையொப்பமிடும் தனி மனிதரின் குரலாகிவிடும் என்ற தயக்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் ‘நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது’ என்று எழுதும்போது யார் எடுக்கிறார், எப்போது முடியும் என்ற இரண்டும் மறைந்துவிடுகின்றன. வினைமுற்றை அவர் விருப்பத்துக்கே விட்டுவிடுங்கள். ‘விரைவில் அறிக்கை அனுப்பக் கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என்று இருந்தால், ‘விரைவில்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ஒரு தேதியை வையுங்கள். அதை எந்தக் கண்காணிப்பாளரும் அடித்து நான் பார்த்ததில்லை. நினைவூட்டு அனுப்பும்போது அவருக்கே அது பயன்படும்.

திருத்தப்பட்ட அந்த வரைவை எடுத்துக்கொண்டு, நாளும் பக்க எண்ணும் இல்லாத வாக்கியங்கள் எவை என்று முதலில் பாருங்கள். அவர் அடித்தவை பெரும்பாலும் அவைதாமா என்று ஒப்பிட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். அவை அல்லாத ஒன்றை அவர் அடித்திருந்தால், அதைப் பற்றி அவரிடம் மீண்டும் ஒருமுறை பேசலாம். ‘பேசவும்’ என்று எழுதியவர் அவர்தானே.