கம்ப்யூட்டர் பார்த்தால் கண் எரிச்சலும் தலைவலியும்

"வயது 42. காரைக்குடியில் ஒரு கடையில் நாள் முழுக்க கம்ப்யூட்டரில் பில் போடுகிறேன். சாயங்காலம் கண் எரியுது, தலை வலிக்குது. கண்ணாடி போடணுமா?"

திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது வெகுவாகக் குறைகிறது. அதனால் கண்ணீர்ப் படலம் காய்ந்து எரிகிறது. நம்ம ஊர் வெயிலுக்கு ஃபேனை முகத்துக்கு நேரே வைத்திருப்பீர்கள். முதலில் அதைத் திருப்பிவிடுங்கள். திரை ஒரு கை நீளத்தில், கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை வாசலுக்கு அப்பால் 20 விநாடி பார்த்து, முழுசாகச் சிமிட்டுங்கள்.

தலைவலிக்கு உங்கள் வயதும் காரணமாகலாம். 40 தாண்டினால் அருகில் பார்க்கும் திறன் தளரும். பில்லைத் தள்ளிப் பிடித்துப் படிக்கிறீர்களா? அப்படியென்றால் கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், திரை இருக்கும் தூரத்தையும் அங்கே சொல்லுங்கள். திடீரென்று பார்வை மங்கினாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ, கண் சிவந்து கடுமையாக வலித்தாலோ அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.