தோன், டோண்ட் அல்ல

கேள்வி: பிரெஞ்சு வகுப்பில் 'டோண்ட்' என்று ஒரு சொல் வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் அதை ஒரு இடத்தில் 'ஹூஸ்' என்கிறார்கள், ஒரு இடத்தில் 'ஆஃப் விச்', இன்னொரு இடத்தில் 'அபௌட் விச்'. எதை எங்கே போடுவது?
– ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: முதலில் அந்த 'டோண்ட்'டை விட்டுவிடுங்கள் அம்மா. அப்படி வாசித்தால் பிரெஞ்சுப் புத்தகம் பக்கத்துக்குப் பக்கம் 'தொடாதே, மிதிக்காதே, பூப்பறிக்காதே' என்று பூங்காக் காவல்காரர் மாதிரி அதட்டிக்கொண்டே இருக்கும். அது 'தோன்'. த-வை 'தானம்' என்பதில் சொல்வது போல அழுத்திச் சொல்லுங்கள். கடைசி 'ன்'னும் முழு 'ன்' அல்ல. 'நல்ல படம்' என்று பேச்சில் சொல்லும்போது 'படம்' எப்படி முடிகிறது? உதடு மூடுவதில்லை, ஒலி மூக்கு வழியாக நழுவிவிடுகிறது. அதேதான் இது. மிருதங்கக்காரர் 'தொம்' என்று சொல்ல ஆரம்பித்து வாயை மூட மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் தினமும் வாய் நிறைய எழுப்பும் ஒலிக்காக வகுப்பில் மூக்கைப் பிடித்துக்கொண்டு பயிற்சி செய்ய வேண்டியதில்லை.

உச்சரிப்பு என்றதும் என் பழைய வழக்கு நினைவுக்கு வந்துவிட்டது. பிரெஞ்சில் வரும் ஒரு மெல்லிய 'ஜ' ஒலிக்கு நம் இலக்கியப் பத்திரிகைகள் 'ழ' போடுகின்றன. 'ழான்', 'ழாக்' என்று. வாழைப்பழத்தில் இருக்க வேண்டிய எழுத்துக்கு பாரிஸில் என்ன வேலை? இதைக் கேட்டதற்காக ஒரு மொழிபெயர்ப்பாளர் என்னோடு பல வருடங்களாகப் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகிறது, நான் 'ஜ' போட்டுத்தான் எழுதுவேன்.

சரி, தோன். இது லத்தீனில் 'எங்கிருந்து' என்ற பொருளில் இருந்த சொல்லின் வழி வந்தது. அதனால் இதன் வயிற்றுக்குள் எப்போதும் ஒரு 'தெ' இருக்கும். பிரெஞ்சில் 'தெ' என்றால் 'உடைய', 'இலிருந்து', 'பற்றி' என்று பலதும் ஆகும். உங்கள் மூன்று ஆங்கிலச் சொற்களும் தோன் போடும் வேஷங்கள் அல்ல, அது விழுங்கிய 'தெ'யின் வேஷங்கள். ஆகவே செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: வாக்கியத்தை இரண்டாகப் பிளந்து, அந்த 'தெ'யை வெளியே எடுத்து, அது எந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருந்தது என்று பார்ப்பது.

'லா மேஸோன் தோன் ல துவா எ ரூஜ்' என்று ஒரு வாக்கியம். வீடு, தோன், கூரை சிவப்பு. பிளந்தால் 'ஒரு வீடு இருக்கிறது. வீட்டுடைய கூரை சிவப்பு'. 'தெ' கூரை என்ற பெயர்ச்சொல்லோடு ஒட்டியிருக்கிறது. பெயர்ச்சொல்லோடு ஒட்டினால் ஆங்கிலத்தில் 'ஹூஸ்'. 'தி ஹவுஸ் ஹூஸ் ரூஃப் இஸ் ரெட்.' உயிரில்லாத வீட்டுக்கு 'ஹூஸ்' ஆகாது, 'தி ரூஃப் ஆஃப் விச்' என்றுதான் எழுத வேண்டும் என்று சில வாத்தியார்கள் சிவப்பு மையோடு வருவார்கள். 1667-லேயே மில்டன் ஒரு மரத்துக்கு 'ஹூஸ்' போட்டுக் காவியத்தைத் தொடங்கியிருக்கிறார். மரத்துக்குப் பொருந்தியது வீட்டுக்குப் பொருந்தாதா? 'ஆஃப் விச்' தப்பில்லை, ஆனால் பத்திர எழுத்தர் வாசனை அடிக்கும்.

இங்கே ஒரு இடத்தில் கால் இடறும். 'எனக்குத் தெரிந்த பெண்ணின் அப்பா' என்ற அந்த ஆளைப் பிரெஞ்சில் 'லோம் தோன் ஜெ கொனே லா ஃபீய்' என்பார்கள். வரிசையைப் பாருங்கள்: ஆள், தோன், நான், அறிவேன், பெண். பெண் கடைசியில், தன் வழக்கமான இடத்திலேயே நிற்கிறாள். ஆங்கிலத்தின் 'ஹூஸ்' அவளைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்து வந்துவிடும்: 'தி மேன் ஹூஸ் டாட்டர் ஐ நோ.' பெண்ணுக்கு முன்னால் ஆங்கில 'தி' மாதிரி நிற்கும் பிரெஞ்சு 'லா'வும் அங்கே காணாமல் போகும். நான் படித்த காலத்தில் அந்த 'லா'வை எடுத்துவிட்டு, 'அவருடைய' என்று பொருள்படும் 'ஸா'வைப் போட்டு எழுதினேன். ஆசிரியை நோட்டைப் பார்த்துவிட்டு, "ஒரே ஆளுக்கு எதுக்குப்பா ரெண்டு டிக்கெட்?" என்றார். 'உடைய' தோனுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்தாயிற்று, மறுபடி ஏற்றக்கூடாது.

அடுத்தது 'தெ' வினையோடு ஒட்டும் வகை. 'ல ஃபில்ம் தோன் ஜெ பார்ல்': நான் பேசுகிற படம். பிரெஞ்சில் எதைப் பற்றியாவது பேசினால் அந்த வினை 'தெ' கேட்கும். இங்கே 'ஹூஸ்' வராது. அந்த வினைக்கு ஆங்கிலத்தில் என்ன ஒட்டு என்று பார்க்க வேண்டும். பேசுவதற்கு 'அபௌட்', அதனால் 'அபௌட் விச்'. நடைமுறையில் யாரும் அப்படிப் பேசுவதில்லை, 'தி ஃபில்ம் ஐம் டாக்கிங் அபௌட்' என்று ஒட்டை வாலில் கட்டிவிடுவார்கள். 'லா மலாதி தோன்-தில் ஸூஃப்ர்' என்றால் அவர் அவதிப்படும் நோய். (எழுத்தில் மட்டும் கிடந்த 'த்' அடுத்த உயிரெழுத்தைக் கண்டதும் எழுந்து ஒட்டிக்கொள்வதைக் கவனியுங்கள்.) இதற்கு 'ஃப்ரம் விச்'. 'சார்ந்திருப்பது' என்ற வினை வந்தால் 'ஆன் விச்'. 'ஸ தோன் ஜே பஸ்வேன்', அதாவது எனக்குத் தேவையானது, என்பதற்கு ஆங்கிலத்தில் ஒட்டே கிடையாது. 'வாட் ஐ நீட்', அவ்வளவுதான். ஆக உங்கள் பாடப்புத்தகம் சொல்லும் மூன்று என்ற கணக்கே தப்பு.

நமக்கு இது கஷ்டமாக இருக்கவே கூடாது. வேற்றுமை உருபை விழுங்குவதில் தமிழ்ப் பெயரெச்சத்தை மிஞ்ச யார் இருக்கிறார்கள்? 'நான் வந்த பஸ்', 'நான் வந்த ஊர்', 'நான் வந்த காரணம்': 'இல்', 'இலிருந்து', 'ஆல்' எல்லாம் உள்ளே போயாயிற்று, ஏப்பம்கூட இல்லை. பிரெஞ்சுக்காரர் 'தெ'யை மட்டும் விழுங்குவார். ஆங்கிலேயர் எதையும் விழுங்காமல் தட்டின் ஓரத்தில் எடுத்து வைப்பார்.

விழுங்குவதில் ஆபத்தும் உண்டு. 'நேற்று நான் பேசிய பெண்' என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். பெண்ணிடம் பேசினீர்களா, பெண்ணைப் பற்றிப் பேசினீர்களா? தமிழ் சொல்லாது. பிரெஞ்சில் தோன் போட்டால் 'பற்றி' மட்டும்தான். 'பெண்ணிடம்' என்றால் 'ஆ கீ' என்று வேறு சொல். என் நண்பர் ஒருவருக்குத் திருமணப் பேச்சின்போது இந்த வாக்கியம் மாமனார் காதில் விழுந்து, 'பற்றி' என்று நிரூபிக்க இரண்டு நாள் ஆயிற்று. அவர் பிரெஞ்சு படிக்கவில்லை. மாமனாரும் படிக்கவில்லை.