ஷெங்கன் விசாவுக்கு டம்மி டிக்கெட்டா, ரீஃபண்ட் டிக்கெட்டா?

"ஷெங்கன் விசாவுக்குத் திரும்பி வரும் டிக்கெட் கேட்கிறார்கள். டம்மி போதுமா, ரீஃபண்டபிள் எடுக்கணுமா?"

ஷெங்கன் விசாவுக்குப் பொதுவாக முன்பதிவு போதும், பணம் கட்டிய டிக்கெட் கட்டாயமில்லை. ஆனால் அந்த டம்மி முன்பதிவு, விமான நிறுவனத்தின் கணினியில் உண்மையாகவே இருக்க வேண்டும். ஏர்லைன் தளத்தில் Manage Booking போய், பிஎன்ஆரையும் குடும்பப் பெயரையும் போட்டுப் பாருங்கள். வரவில்லை என்றால் அது வெறும் பிடிஎஃப்பாக இருக்கலாம். அப்படியானால் போலி ஆவணம் என்றே விசாவை மறுக்கலாம்.

பணம் கட்டாமல் இடத்தைப் பிடித்து வைக்கும் உண்மையான ஹோல்டுக்கும் ஆயுள் குறைவு. ஜூன் 3 விண்ணப்பிக்கிறீர்கள், ஹோல்டு 72 மணி நேரம் என்று வையுங்கள். 6ஆம் தேதி அது தானாக ரத்தாகிவிடும். பரிசீலனைக்கோ 15 நாள், சில சமயம் 45 நாள் வரை ஆகும். அதிகாரி 12ஆம் தேதி தேடினால் ஒன்றும் இருக்காது.

கையில் பணம் இருந்தால் ரீஃபண்டபிளே நல்லது என்பேன். ஆனால் அந்தச் சொல்லை மட்டும் நம்பி வாங்காதீர்கள். கட்டண விதிகளில் ரத்துக் கட்டணம் எவ்வளவு, பணம் கார்டுக்கு வருமா, வவுச்சராகவா என்று படியுங்கள். விசா மறுக்கப்பட்டால் விமானம் புறப்படும் முன்பே ரத்து செய்துவிடுங்கள். அதைத் தவறவிட்டால் பல கட்டணங்களில் பணம் திரும்பாது.