கொசுறாகக் கொடுக்காதீர்கள், பண்டமாற்றாகக் கொடுங்கள்: பேரம் பற்றிய கேள்வி பதில்

பதில் சொல்பவர், பின்னலாடைத் தொழிலில் விற்பவர் பக்கமும் வாங்குபவர் பக்கமும் அமர்ந்து நெடுங்காலம் விலை பேசியவர்.

திருப்பூரிலிருந்து ஓர் உற்பத்தியாளர்: உள்நாட்டு நிறுவனம் ஒன்று எட்டு நிறங்களில் 20,000 டி-ஷர்ட் கேட்கிறது. 90 நாள் கடன். நான் பீஸுக்கு 210 ரூபாய் சொன்னேன், அவர்கள் 200 என்கிறார்கள். நடுவில் 205க்கு இறங்கிவிடட்டுமா?

இறங்காதீர்கள். ஐந்து ரூபாய் என்பது இந்த ஆர்டரில் ஒரு லட்சம் ரூபாய். அதை எதுவும் கேட்காமல் கொடுத்துவிட்டால், 210 என்பது நீங்களே நம்பாத விலை என்றுதான் எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்வார்; மறுநாள் 202க்குக் கேட்டு ஃபோன் வரும்.

முதலில் உங்கள் காஸ்டிங் தாளை எடுத்து, அவர்களுக்குப் பெரிதாக வலிக்காமல் உங்களுக்குப் பணம் மிச்சமாகிற விஷயங்களைத் தேடுங்கள். நீங்கள் எழுதியிருப்பதிலேயே இரண்டு தெரிகின்றன. ஒன்று, கடன் நாள். ஆர்டரின் மதிப்பு 42 லட்சம். உங்கள் வங்கி வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் மாதத்துக்கு ஒரு சதவீதம். 90 நாளை 30 ஆக்கினால் இரண்டு மாத வட்டி, அதாவது 84,000 ரூபாய் மிச்சம். பீஸுக்கு 4 ரூபாய் 20 காசு. இரண்டாவது, நிறங்கள். எட்டு நிறம் என்றால் நிறத்துக்கு 2,500 பீஸ், நான்காக்கினால் 5,000. சிறிய லாட்டுக்குச் சாயப்பட்டறை அதிக விலை கேட்கும். நிறம் மாறும்போதெல்லாம் துணியும் வீணாகும். இரண்டு அளவுக்கும் பட்டறையில் தனித்தனியாக விலை கேட்டு வாங்குங்கள். பீஸுக்கு 3 ரூபாய் மிச்சமாகும் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்வோம்.

இனி நீங்கள் சொல்ல வேண்டிய வாக்கியம் இது: "நிறங்களை நான்காகக் குறைத்து, 30 நாளில் பணம் தருவதாக ஆர்டரிலேயே எழுதினால், 206 ரூபாய்க்குத் தருகிறோம்." உங்களுக்கு 7 ரூபாய் 20 காசு வருகிறது, நீங்கள் கொடுப்பது 4 ரூபாய். நிறம் மட்டும் குறைந்தால் 208.50, பணம் மட்டும் சீக்கிரம் வந்தால் 207.50 என்று தனித்தனி விலையையும் பேசப்போகும் முன்பே குறித்து வைத்திருங்கள். மேசையில் உட்கார்ந்த பிறகு கணக்குப் போட்டால் வாய் முந்திக்கொள்ளும்.

கரூரிலிருந்து: நிபந்தனையை முதலில் சொல்வதா, விலையை முதலில் சொல்வதா?

நிபந்தனையை. "நீங்கள் இதைச் செய்தால்" என்பது தமிழில் இயல்பாகவே முன்னால் வந்து நிற்கும். நம் ஆட்கள் அதைக் கெடுப்பது "கொடுத்துவிடுகிறேன், ஆனால்" என்று தொடங்கும்போதுதான். எதிராளியின் காது "ஆனால்" வருவதற்குள் மூடிவிடும். பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு வாங்குபவரிடம், "விலையைக் குறைத்துவிடுகிறேன், முன்பணம் மட்டும் பார்த்துச் செய்யுங்கள்" என்றேன். குறைந்த விலை அன்று மாலையே ஆர்டரில் ஏறியது. முன்பணம் கடைசிவரை வரவில்லை; கேட்டதற்கு, "பார்த்தோம் சார், முடியவில்லை" என்றார்கள். அவர்கள் மீது தவறில்லை, பார்க்கத்தானே சொன்னேன். "பார்த்துச் செய்யுங்கள்" நிபந்தனை ஆகாது. எண்ணும் தேதியும் இருந்தால்தான் நிபந்தனை.

ஈரோட்டிலிருந்து ஒரு வரி ஆலோசகர்: முதல் பதிலில் பிழை இருக்கிறது. கேட்டவர் உத்யம் என்ற அரசுப் பதிவு பெற்ற சிறு நிறுவனம் என்றால், 45 நாளுக்கு மேல் கடன் கேட்க வாங்குபவருக்கு உரிமையே இல்லை. சட்டப்படி வரவேண்டியதற்கு அவர் ஏன் விலையைக் குறைக்க வேண்டும்?

நியாயமான அடி, வாங்கிக்கொள்கிறேன். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டத்தின்படி, எழுத்தில் எவ்வளவு நாள் ஒப்புக்கொண்டிருந்தாலும் குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக ஏறும். வருமான வரிச் சட்டத்தின்படி, காலம் தாழ்த்திய தொகையைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் வாங்குபவர் செலவாகக் காட்ட முடியும். எதிராளி ஏற்கெனவே கடன்பட்டிருப்பதை அவரிடமிருந்து விலை கொடுத்து வாங்குவது பண்டமாற்று ஆகாது, அதுவும் கொசுறுதான்.

ஆகவே கணக்கைத் திருத்துகிறேன். 90லிருந்து 45 வரை ஒரு காசும் தள்ளுபடி இல்லை. 45 நாளை 15 ஆக்கினால் ஒரு மாத வட்டி மிச்சம்: 42,000 ரூபாய், பீஸுக்கு 2 ரூபாய் 10 காசு. அதற்கு ஒரு ரூபாய் கொடுக்கலாம். நிறத்துக்கு ஒன்றரை ரூபாய் சேர்த்தால் விலை 207.50.

பல்லடத்திலிருந்து ஒரு நிட்டிங் யூனிட் உரிமையாளர்: சட்டம் பேசினால் அடுத்த ஆர்டர் வேறொருவருக்குப் போகும். எனக்கு நடந்தது. 120 நாளில் பணம் தருபவரிடம்தான் இன்றும் வேலை செய்கிறேன்.

உங்கள் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. சட்டத்தை மிரட்டலாக எடுத்து வீச வேண்டாம். "45 நாளுக்குள் முடித்தால் உங்கள் ஆடிட்டருக்கும் தொல்லை இல்லை" என்று அவருடைய நன்மையாகவே சொல்லிப் பாருங்கள்.

மீண்டும் வரி ஆலோசகர்: அவர் 120 நாளுக்குத் தலையாட்டுவதால்தான் மற்றவர்களும் 120 நாள் கேட்கிறார்கள்.

மீண்டும் நிட்டிங் யூனிட் உரிமையாளர்: சனிக்கிழமை கூலியை ஆலோசகர் கொடுப்பாரா?

இருவரும் சொல்வதில் உண்மை இருக்கிறது, இங்கே தீராது. ஒன்று மட்டும்: 120 நாளுக்கு உடன்படுவதென்றால் அதையும் சும்மா உடன்படாதீர்கள். "120 நாள்தான் என்றால், நூலை நீங்களே வாங்கிக் கொடுங்கள்" என்று கேட்டீர்களா?

மீண்டும் நிட்டிங் யூனிட் உரிமையாளர்: கேட்டதில்லை.

சென்னையிலிருந்து: வீட்டுக்காரர் வாடகையை 18,000லிருந்து 20,000 ஆக்குகிறார். "ஏற்றினால் காலி செய்துவிடுவேன்" என்று நீங்கள் சொல்கிற முறையில் சொல்லலாமா?

அது நான் சொல்கிற முறை அல்ல. உங்கள் வாக்கியத்தில் "ஆல்" இருக்கிறது, கொடுப்பது எதுவும் இல்லை, அது மிரட்டல். "19,000 என்றால், வெள்ளையடிக்கும் செலவை நான் ஏற்கிறேன்" என்பது பண்டமாற்று. வெள்ளையடிக்க எவ்வளவு ஆகும் என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நாமக்கல்லிலிருந்து: வாங்குபவர் விலையைக் குறைக்கச் சொன்னால் என்ன சொல்வது?

முதல் பதில்.

மதுரையிலிருந்து: பழகிய வாடிக்கையாளருக்கு முதலில் நாமே கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் நல்லெண்ணம் வளராதா? எல்லாவற்றுக்கும் கணக்குப் பார்த்தால் மனிதர்கள் விலகிப்போவார்கள்.

பாதி சரி. காய்கறிக்காரம்மா கறிவேப்பிலையை எப்போது கையில் வைக்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? எடை போட்டு, காசு வாங்கிய பிறகு. அது நல்லெண்ணம். எடை போடும் முன்பே வைத்துவிட்டால், அதுவும் விலையில் சேர்ந்ததுதான் என்று ஆகிவிடும். மறுநாள் கொத்தமல்லியும் கேட்பார்கள். பேரம் முடிந்த பிறகு 50 பீஸ் கூடுதலாக அனுப்புங்கள், நான் தடுக்க மாட்டேன்.

சேலத்திலிருந்து: விலை குறைப்பு கேட்டால் பணிவாக எப்படி மறுப்பது?

மறுக்கவே வேண்டியதில்லை. முதல் பதில், மூன்றாம் பத்தி. தயவுசெய்து மேலே படித்துவிட்டுக் கேளுங்கள்.

மீண்டும் முதல் கேள்வி கேட்ட உற்பத்தியாளர்: நான் சிறு நிறுவனம்தான், உத்யம் பதிவும் இருக்கிறது. பட்டறையில் கேட்டேன், நான்கு நிறமென்றால் பீஸுக்கு 2 ரூபாய் 80 காசுதான் குறைகிறது. 207.50 சொன்னேன். "விலை சரி, நிறம் நான்கு சரி, பணம் மட்டும் 45 நாள்" என்று பதில் வந்திருக்கிறது.

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் வழுக்குகிறார்கள். வாங்குபவர்கள் பொட்டலத்தைப் பிரித்துத் தமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். கோபப்படாமல் இப்படி எழுதுங்கள்: "207.50 என்பது நான்கு நிறத்துக்கும் 15 நாளுக்கும் சேர்த்துச் சொன்ன விலை. பணம் 45 நாள் என்றால் விலை 208.50." நிறத்தில் 2 ரூபாய் 80 காசு மிச்சமாவதால் ஒன்றரை ரூபாய் தள்ளுபடியை அப்படியே விட்டுவையுங்கள். அனுப்பிய பிறகு ஃபோன் செய்யாதீர்கள். பதில் வராத அந்த இரண்டு நாளில்தான் நாமே கூப்பிட்டு அந்த ஒரு ரூபாயை விட்டுவிடுவோம். ஆர்டர் கையில் வந்ததும் நிறத்தின் எண்ணிக்கையும் பணம் தரும் நாளும் அதில் அச்சாகியிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே நூலுக்குச் சொல்லுங்கள்.