பாலிசி மேல் கடன்: வட்டியைக் கட்டாமல் விட்டால் முதிர்வில் என்ன மிஞ்சும்?

கேள்வி: என்னுடையது 20 வருட எண்டோவ்மென்ட் பாலிசி. காப்புத் தொகை 10 லட்சம். வருடத்துக்கு 52,000 ரூபாய் பிரீமியம், 12 வருடம் கட்டியாகிவிட்டது. இப்போது சரண்டர் மதிப்பு 5,70,000 என்றும், 5 லட்சம் வரை கடன் கிடைக்கும் என்றும் சொல்கிறார்கள். வட்டி 10 சதவீதம். எனக்கு 3 லட்சம் போதும். "வட்டியைக்கூட இப்போது கட்ட வேண்டாம், கடைசியில் கழித்துக்கொள்வார்கள்" என்கிறார் ஏஜென்ட். அப்படியே விட்டால் கையில் எவ்வளவு வரும்?

பதில்: சுமார் 12,45,000 ரூபாய் வரும். பிரீமியத்தை மட்டும் கடைசி வரை தவறாமல் கட்டியிருந்தால்தான் இந்தத் தொகை. போனஸ் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. காப்புத் தொகையில் ஆயிரத்துக்கு 45 ரூபாய் வீதம் ஒவ்வொரு வருடமும் சேர்கிறது என்று வைத்துக் கணக்கிட்டிருக்கிறேன். போனஸ் வருடா வருடம் அறிவிக்கப்படுவது, கூடலாம், குறையலாம். உங்கள் பாலிசிக்கு உண்மையில் சேர்ந்த போனஸைக் கேட்டு வாங்கி, அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏஜென்ட் சொன்னதில் பொய் இல்லை. பாலிசிக் கடனுக்கு மாதத் தவணை கிடையாது. வட்டி கட்டாவிட்டால் யாரும் வீட்டு வாசலில் வந்து நிற்கப் போவதில்லை. ஆனால் கட்டாத வட்டி அப்படியே ஓரமாகக் காத்திருப்பதும் இல்லை. அது அசலோடு சேர்ந்துவிடும், அடுத்த தவணையில் அதற்கும் வட்டி ஏறும். இந்தியாவில் பாலிசிக் கடனுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை இப்படிச் சேர்ப்பது பரவலான வழக்கம். உங்கள் கடன் கடிதத்திலும் அரையாண்டுக் கூட்டு வட்டி என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கீழே உள்ள கணக்கு அதன்படிதான்.

3 லட்சத்துக்கு முதல் அரையாண்டு வட்டி 15,000. அதைக் கட்டவில்லை என்றால் அடுத்த அரையாண்டில் 3,15,000க்கு வட்டி, அதாவது 15,750. ஒரு வருட முடிவில் நிலுவை 3,30,750. இதுவரை பெரிதாக ஒன்றும் தெரியாது. நான்கு வருடத்தில் அது 4,43,237 ஆகிறது, ஆறு வருடத்தில் 5,38,757, முதிர்வு நாளில் 6,54,862. கடைசி அரையாண்டுக்கு மட்டும் ஏறும் வட்டி 31,184 ரூபாய். முதல் அரையாண்டில் ஏறியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். எட்டு வருடம் என்பது 10 சதவீதத்தில் கடன் இரட்டிப்பைத் தாண்டிவிடும் காலம். இதைத்தான் "கடைசியில் கழித்துக்கொள்வார்கள்" என்ற வார்த்தை சொல்லாமல் விடுகிறது.

இனி வரவுப் பக்கம். காப்புத் தொகை 10 லட்சம், 20 வருட போனஸ் 9 லட்சம், ஆக 19 லட்சம். கடன் வாங்கியதற்காக போனஸ் குறையாது. அது முழுக் காப்புத் தொகையின் மேல்தான் தொடர்ந்து கணக்கிடப்படும். இது பலர் அறியாத விஷயம், பாலிசிக் கடனின் பெரிய நன்மையும் இதுதான். 19 லட்சத்தில் 6,54,862 போக 12,45,138 மிஞ்சும்.

இதே கடனுக்கு அரையாண்டுக்கு ஒரு முறை 15,000 கட்டி வந்தால் என்ன ஆகும்? எட்டு வருடத்தில் மொத்தம் 2,40,000 கட்டியிருப்பீர்கள். அசல் 3 லட்சம் மட்டும் கழிந்து 16 லட்சம் வரும். நீங்கள் கட்டிய வட்டியையும் கழித்துப் பார்த்தால் 13,60,000. கட்டாமல் விடுவதைவிட 1,14,862 அதிகம். வட்டிக்கு வட்டியாக மட்டும் போகும் பணம் அது.

அரையாண்டுக்கு 15,000 புரட்ட முடியாத வருடங்கள் வரலாம். அப்போது முழுக்கக் கைவிட வேண்டாம். பெரும்பாலும் இந்தக் கடனில் முடிந்தபோது முடிந்ததைக் கட்டலாம். நான்கு வருடம் எதுவுமே கட்டாமல், அப்புறம் ஒரே தடவையாக 1 லட்சம் கட்டினால்கூட முதிர்வில் கழியும் தொகை 1,47,746 குறையும். கட்டும் பணம் முதலில் நிலுவை வட்டிக்குப் போகும், மிச்சம்தான் அசலுக்கு. ஆகவே ரசீதைப் பார்த்து "அசல் குறையவே இல்லையே" என்று பதற வேண்டாம். மொத்த நிலுவை குறைந்திருக்கிறதா என்பதே கேள்வி. வங்கி டெபாசிட்டில் இதைவிடக் குறைந்த வட்டிக்குப் பணம் கிடந்தால், அதை வைத்துக்கொண்டு இந்தக் கடனை வளரவிடுவதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை. அவசரத் தேவைக்கு ஒரு தொகையை ஒதுக்கிவிட்டு மீதியை இங்கே கட்டுங்கள்.

வட்டியைவிட எனக்குக் கவலை தருவது பிரீமியம். கடன் வாங்கியவர்களில் பலர் பிரீமியத்தையும் நிறுத்திவிடுகிறார்கள், பாலிசிதான் அடமானத்தில் இருக்கிறதே, இனி ஏன் கட்ட வேண்டும் என்று. நிறுத்தினால் பாலிசி பெய்டு-அப் ஆகிவிடும். 20 வருடத்தில் 12 வருடம் கட்டியதால் காப்புத் தொகை 6 லட்சமாகச் சுருங்கும். அதுவரை சேர்ந்த போனஸ் 5,40,000 அப்படியே இருக்கும், புதிய போனஸ் சேராது. முதிர்வில் கிடைக்க வேண்டிய தொகை 19 லட்சத்திலிருந்து 11,40,000 ஆக இறங்கும். கடன் மட்டும் இறங்காது, 6,54,862 வரை ஏறியே தீரும். கையில் மிஞ்சுவது 4,85,138.

உங்களுக்குக் கிடைக்கும் என்று சொன்ன 5 லட்சத்தையும் எடுத்து, பிரீமியத்தையும் நிறுத்திவிட்டால்? அந்தக் கடன் எட்டு வருடத்தில் 10,91,437 ஆகும். 11,40,000இல் அது போக மிஞ்சுவது 48,563 ரூபாய். 12 வருடம் கட்டிய பணத்துக்கு!

அந்த 48,563 கூட முதிர்வு வரை பாலிசி உயிரோடு இருந்தால்தான். சரண்டர் மதிப்பு என்பது 8 வருடம் கழித்துத் தர வேண்டிய பணத்தை இன்றே தந்தால் எவ்வளவு என்ற கணக்கு. உங்களுக்குச் சொன்ன 5,70,000 நான் மேலே போட்ட பெய்டு-அப் மதிப்பான 11,40,000இல் சரிபாதி. முதிர்வு நெருங்க நெருங்க அது ஏறும், ஆனால் ஆண்டுதோறும் ஒரே வேகத்தில் ஏறும் என்று சொல்ல முடியாது. கடனோ ஒரே வேகத்தில் ஏறும். இடையில் என்றாவது நிலுவை சரண்டர் மதிப்பைத் தாண்டினால், பெய்டு-அப் பாலிசியை நிறுவனம் முன்னறிவிப்புக் கொடுத்து, கட்ட அவகாசமும் கொடுத்து, அதன் பிறகு முடித்துவிடலாம். பிரீமியம் தொடர்ந்து கட்டப்படும் பாலிசியை இந்தக் காரணத்துக்காக முடிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2019 விதிகள் சொல்லின. 2024இல் அவற்றுக்குப் பதில் புதிய விதிகள் வந்துவிட்டதால், உங்கள் பாலிசிக்கு இது எப்படி என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். பிரீமியம் கட்டுவது இப்படியும் ஒரு பாதுகாப்பு.

எனவே ஒரு வருடம் கையில் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது, பிரீமியமா வட்டியா என்று வந்தால் யோசிக்காமல் பிரீமியத்தைக் கட்டுங்கள். எட்டு வருடமும் வட்டியை விட்டால் நஷ்டம் 1,14,862. இப்போதே பிரீமியத்தை நிறுத்தினால், மீதமுள்ள 4,16,000 ரூபாய் பிரீமியத்தை மிச்சம் பிடித்து, அதற்குப் பதிலாக 7,60,000 ரூபாய் முதிர்வுத் தொகையை இழக்கிறீர்கள். கூடவே ஆயுள் காப்பும் 10 லட்சத்திலிருந்து 6 லட்சமாகிறது.

காப்பைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். இடையில் உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் கடன் தள்ளுபடி ஆகாது, வட்டியோடு கழித்துக்கொண்டுதான் நாமினிக்குத் தருவார்கள். இன்றிலிருந்து நான்காவது வருட முடிவில் அப்படி நேர்ந்தால், காப்பும் போனஸும் சேர்ந்து 17,20,000. அதில் 4,43,237 போக 12,76,763 குடும்பத்துக்குப் போகும். கடனுக்காகப் பாலிசியை நிறுவனத்தின் பேருக்கு அசைன் செய்து கொடுப்பதால் நாமினேஷன் ரத்தாகாது, கவலை வேண்டாம். ஆனால் குடும்பம் 17 லட்சத்தை எதிர்பார்த்து ஏதாவது திட்டம் போட்டிருந்தால், அந்த நேரத்தில் இந்தக் கழிவு பெரிய அடியாக இருக்கும்.

கடன் வாங்கும் அன்று இரண்டு விஷயங்களைக் கடிதத்தில் பார்த்துவிடுங்கள். ஒன்று, வட்டி விகிதம் கடைசி வரை இதே 10 சதவீதமா, இல்லை அவ்வப்போது மாறுமா? மாறக்கூடியது என்றால் மேலே உள்ள தொகைகளும் மாறும். இன்னொன்று, வட்டி சேரும் தேதி. அது பெரும்பாலும் பாலிசி தொடங்கிய தேதியையும் அதிலிருந்து ஆறாவது மாதத்தையும் ஒட்டி வரும், நீங்கள் கடன் வாங்கிய தேதியை ஒட்டி அல்ல. அந்தத் தேதிக்கு ஒரு நாள் முன்னால் கட்டினால் வட்டி அசலில் சேராது, ஒரு வாரம் தாமதித்தால் சேர்ந்துவிடும். கட்டும்போது பிரீமியத்தில் வரவு வைக்காமல் கடன் வட்டியில் வைத்திருக்கிறார்களா என்று ரசீதிலேயே பாருங்கள்.

வருடத்துக்கு ஒரு முறை கடன் நிலுவை விவரத்தையும் அன்றைய சரண்டர் மதிப்பையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். முதிர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது, எவ்வளவு கழிக்கப் போகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். இடையில் கட்டிய வட்டி எதுவும் விடுபட்டிருந்தால், டிஸ்சார்ஜ் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் ரசீதுகளைக் காட்டித் திருத்தி வாங்கிவிடுங்கள்.