முதல் மெயிலில் டேலி பெயரைப் போடலாமா?

"திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் கணக்கு மென்பொருள் விற்கிறேன். எல்லாரும் டேலி, எக்செல்தான் வைத்திருக்கிறார்கள். முதல் மெயிலிலேயே 'டேலியை விட இது மேல்' என்று எழுதலாமா?"

வேண்டாங்க. டேலியை வாங்கச் சொன்னவரே உங்கள் மெயிலைப் படிப்பவராக இருக்கலாம். அவர் எடுத்த முடிவைக் குறை சொல்லிப் பேச்சைத் தொடங்கினால், அவர் அதற்கு வக்காலத்து வாங்கத்தான் பார்ப்பார். அவர் டேலியே வைத்திருக்காவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஊருக்கெல்லாம் அனுப்பிய மெயில் என்று தெரிந்துவிடும்.

ஆனால் இப்போது வேலை நடக்கும் விதத்தைச் சொல்லாமல் விடவும் கூடாது. உங்களுக்கு உண்மையான போட்டி இன்னொரு மென்பொருள் இல்லை, "இப்படியே ஓடுதே" என்ற நினைப்புதான். அதனால் பொருளின் பெயரை விட்டுவிட்டு வேலையை எழுதுங்கள்:

"சாயத்துக்கு 500 கிலோ துணி டெலிவரி சலான் போட்டு அனுப்பி, 480 கிலோ திரும்பி வந்தால், மீதி 20 கிலோ சேதாரமா, பட்டறையிலேயே நிற்கிறதா என்பதை இப்போது யார், எதில் பார்க்கிறார்கள்?"

இது யாரையும் குறை சொல்லவில்லை. பதில் சொல்லவும் சுலபம். அவர் டேலியில் பார்த்தாலும் சரி, நோட்டில் எழுதினாலும் சரி, கேள்வி பொருந்தும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அந்தக் கம்பெனியே வேலைக்கு ஆள் தேடும் விளம்பரத்தில் "டேலி தெரிந்திருக்க வேண்டும்" என்று போட்டிருந்தால் பெயரைச் சொல்லலாம். அப்போதும் "உங்கள் டேலி கணக்கு அப்படியே இருக்கட்டும், டெலிவரி சலான் பாக்கி மட்டும் இதில்" என்ற தொனியில்தான். அது உண்மையாக இருந்தால் மட்டும். டேலியையே தூக்கிவிட்டு இதை வைப்பதுதான் உங்கள் திட்டம் என்றால் இந்த வரியை எழுதாதீர்கள், முதல் டெமோவிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

ஒப்பீட்டு அட்டவணையை, "இதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று அவராகக் கேட்கும்போது அனுப்புங்கள்.