பில்லை விற்றுவிட்டால் பொறுப்பு முடிந்துவிடுமா?

கேள்வி: ஓசூரில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு பெரிய கம்பெனி 10 லட்ச ரூபாய் பில்லுக்கு 90 நாள் கழித்துத்தான் பணம் தரும். ஒரு ஃபைனான்ஸ்காரர் பில்லை வைத்துக்கொண்டு உடனே 8 லட்சம் தருகிறேன், மாதம் 1.5 சதவீதம் வட்டி என்கிறார். நிரப்பாத செக் ஒன்றும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: செக்கைக் கொடுக்காதீர்கள். முதலில் ஒப்பந்தத்தைப் படியுங்கள். கம்பெனி பணம் தராவிட்டால் நீங்கள் திருப்பித் தர வேண்டும் என்று அதில் இருந்தால், உங்கள் பில் விற்கப்படவில்லை. பில்லைக் காட்டி நீங்கள் கடன் வாங்குகிறீர்கள், அவ்வளவுதான். இதை 'ரிகோர்ஸ்' என்பார்கள். மூன்று மாத வட்டி 36,000 ரூபாய். மீதி 2 லட்சம் கம்பெனி பணம் கொடுத்த பிறகுதான் உங்கள் கைக்கு வரும். கம்பெனி கையை விரித்தால் 8 லட்சமும் உங்கள் தலையில். 'செக்யூரிட்டிக்குத்தான் கொடுத்தேன்' என்று அப்புறம் சொன்னாலும், செக்கை வங்கியில் போடும் நாளில் கடன் பாக்கி இருந்து, செக் பணமில்லாமல் திரும்பினால் செக் பவுன்ஸ் வழக்கு, அதாவது செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு, பாயும்.

பில்லை உண்மையிலேயே விற்க வழி இருக்கிறது. சிறு நிறுவனங்களின் பில்லை ஆன்லைனில் வங்கிகளுக்கு விற்க ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற டிரெட்ஸ் தளங்கள் இருக்கின்றன: ஆர்எக்ஸ்ஐஎல், எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் போன்றவை. சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் இருந்தால் சேரலாம். நீங்கள் பில்லை ஏற்றியதும் கம்பெனி அதை ஒப்புக்கொள்ள வேண்டும், அதன்பின் வங்கிகள் போட்டியிட்டு வட்டி சொல்லும். 10 சதவீதம் என்று வைத்தால் 90 நாளைக்குச் சுமார் 24,650 ரூபாய் கழியும். தளக் கட்டணம் தனி. மீதி சுமார் 9.75 லட்சம் ஓரிரு வேலை நாளில் வந்துவிடும். கெடு நாளில் பணம் கம்பெனியின் கணக்கிலிருந்து எடுக்கப்படும். அது தவறினாலும் உங்களிடம் வர மாட்டார்கள். போலி பில்லுக்கோ மட்டமான சரக்குக்கோ இந்தப் பாதுகாப்பு கிடையாது, அது வேறு விஷயம்.

இதில் சிக்கல், கம்பெனி ஒப்புக்கொள்ளாவிட்டால் ஒன்றும் நடக்காது. பலருக்கு அங்கேதான் தடை. ஆண்டு விற்பனை 250 கோடிக்கு மேல் உள்ள கம்பெனிகள் 2025 மார்ச் 31-க்குள் டிரெட்ஸில் சேர்ந்திருக்க வேண்டும் என்று அரசு உத்தரவிட்டிருக்கிறது. உங்கள் கம்பெனி அந்த அளவுக்குப் பெரியதென்றால் அதைச் சுட்டிக்காட்டி எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்று. உங்களுக்கு வங்கியில் சிசி, அதாவது கேஷ் கிரெடிட் கடன் கணக்கு இருந்தால், வரவேண்டிய பாக்கி எல்லாம் ஏற்கெனவே வங்கிக்கு அடமானமாக எழுதித் தரப்பட்டிருக்கும். அதே பில்லை வெளியே விற்பதற்கு முன் வங்கியிடம் என்ஓசி வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒரே பில்லுக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்கிய குற்றச்சாட்டு வரும்.

அந்த 90 நாள் கெடுவும் சட்டப்படி செல்லாது. நீங்கள் குறு அல்லது சிறு நிறுவனமாக உத்யமில் பதிவாகியிருந்தால், எழுத்தில் எப்படி ஒப்புக்கொண்டாலும் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டம். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி.